மேலாளருக்கு ஒரு கடிதம்: குழந்தைப்பேறு சிகிச்சை நடக்கும் மாதத்தில் வேலை நேரத்தை மாற்றிக் கேட்பது எப்படி

மண்டபத்தில் ஒரு கடல் உணவு ஏற்றுமதி நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். குழந்தைக்காக மருத்துவம் பார்க்கத் தொடங்கியபோது மருத்துவச் செலவைப் பற்றி எல்லோரும் எச்சரித்தார்கள். அலுவலகத்தில் என்ன சொல்லி அனுமதி வாங்குவது என்று மட்டும் ஒருவரும் சொல்லவில்லை. முதல் முறை, விந்தணுவைக் கருப்பைக்குள் நேராகச் செலுத்தும் ஐ.யூ.ஐ. செய்துகொண்டபோது மருத்துவமனை கொடுத்த அட்டையைப் பார்த்து மூன்று தேதிகளை வாய்மொழியாகச் சொன்னேன். "தேதியைச் சொல்லம்மா, கொடுத்துவிடுகிறேன்" என்று மேலாளரும் நல்ல மனதோடுதான் கேட்டார். மாதவிலக்கு நான்கு நாள் தள்ளிப்போனது. மூன்று தேதிகளும் பொய்யாயின. அந்த மாதச் சம்பளத்தில் பிடித்தம், அதற்கு மேல் "இந்தப் பெண் சொல்வது ஒன்று, செய்வது ஒன்று" என்ற பெயர்.

இரண்டாவது முறை ஐ.வி.எஃப்., அதாவது முட்டையை எடுத்து வெளியே கருவாக்கி உள்ளே வைக்கும் சிகிச்சை. அப்போது கடிதமாக எழுதிக் கொடுத்தேன். ஒரு நாள் சம்பளம்கூடப் போகவில்லை. அந்தக் கடிதத்தை எப்படித் தயாரித்தேன் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். சிகிச்சையின் முடிவு என்ன ஆயிற்று என்று கேட்காதீர்கள். ஊரில் கேட்பவர்களே போதும்.

1. முதலில் மருத்துவரிடம் கேட்டு, நாட்களை வகை பிரியுங்கள்

கடிதம் எழுதும் முன் ஒரு காகிதத்தோடு மருத்துவமனையில் உட்காருங்கள். தேதி கேட்காதீர்கள், அவர்களாலும் சொல்ல முடியாது. மாதவிலக்கின் முதல் நாளை ஒன்று என்று வைத்து, எத்தனையாவது நாளில் என்ன நடக்கும் என்று கேளுங்கள். எனக்குச் சொன்ன கணக்கு இது. இரண்டாம் நாள் ஸ்கேன் பார்த்து ஊசி தொடங்கும். தினமும் ஒரே நேரத்தில் ஊசி, ஏறக்குறைய எட்டு முதல் பன்னிரண்டு நாட்கள். ஐந்தாம் அல்லது ஆறாம் நாளிலிருந்து இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை ஸ்கேன். கடைசியில் அடுத்தடுத்த நாளும் வரச் சொல்லலாம். முட்டைகள் போதிய அளவு வளர்ந்ததும் ஓர் இரவு கடைசி ஊசி. அதிலிருந்து சுமார் 36 மணி நேரத்தில் மயக்க மருந்து கொடுத்து முட்டை எடுப்பார்கள். மூன்று அல்லது ஐந்து நாள் கழித்துக் கருவை உள்ளே வைப்பார்கள். அதன் பிறகு பத்துப் பன்னிரண்டு நாளில் இரத்தப் பரிசோதனை. மொத்தமாகப் பார்த்தால் ஏறக்குறைய ஒரு மாதம்.

இதில் உங்கள் மேலாளருக்குத் தேவையானது மருத்துவம் அல்ல, நாட்களின் தன்மை. நான் மூன்றாகப் பிரித்தேன். முழு நாளும் வர முடியாத நாட்கள்: மதுரைக்குப் போகும் நாள், முட்டை எடுக்கும் நாள், அதன் மறுநாள். காலையில் தாமதமாக வரும் நாட்கள்: அருகில் ஸ்கேன் மட்டும் இருக்கும் நாள். மூன்றாவது, மாலையில் சீக்கிரம் கிளம்ப வேண்டிய நாள். இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். காலை பத்து மணிக்கு முட்டை எடுப்பது என்றால் முந்தைய இரவே மதுரையில் இருக்க வேண்டும். நள்ளிரவுக்குப் பிறகு சாப்பிடாமல், விடியற்காலை பஸ்ஸில் மூன்று மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்து போவது நடக்கிற காரியம் இல்லை.

இன்னொரு கேள்வியையும் அங்கேயே கேளுங்கள்: இடையில் வரும் ஸ்கேன்களை இராமநாதபுரத்தில் எடுத்து அறிக்கையை அனுப்பினால் ஏற்றுக்கொள்வார்களா? சில மருத்துவர்கள் ஒப்புக்கொள்வார்கள், சிலர் தாங்களே பார்க்க வேண்டும் என்பார்கள். என் மருத்துவர் முதல் ஸ்கேனையும் கடைசி ஸ்கேனையும் மட்டும் மதுரையில் வைத்துக்கொண்டார். மண்டபத்திலிருந்து மதுரை போய்வந்தால் ஒரு நாள் முழுக்கப் போய்விடும். இராமநாதபுரம் என்றால் காலை ஏழு மணிக்கு ஸ்கேன் முடித்து பதினொரு மணிக்குள் மேசையில் இருக்கலாம். இந்த ஒரு கேள்வியால் எனக்கு இரண்டு முழு நாள் விடுப்பு மிச்சமானது.

2. உங்கள் அலுவலகத்தின் வேலைநாளை அதன் மேல் வைத்துப் பாருங்கள்

எங்கள் பக்கம் விசைப்படகுகள் திங்கள், புதன், சனிக்கிழமைகளில் கடலுக்குப் போகும். மறுநாள் கரை சேரும். ஆகவே செவ்வாய், வியாழன், ஞாயிறு எங்களுக்கு மூச்சுவிட நேரம் இருக்காது. வார விடுமுறை வெள்ளிக்கிழமை. இந்தக் கணக்குத் தெரியாமல் "வாரத்துக்கு இரண்டு நாள் வேண்டும்" என்று கேட்டால் மேலாளருக்கு முதலில் நினைவு வருவது செவ்வாய்க்கிழமைதான்.

நான் கவனித்தது வேறு. படகு காலையிலேயே வந்துவிட்டாலும், ஏலம் முடிந்து, எடை போட்டு, கொள்முதல் சீட்டு என் மேசைக்கு வரப் பதினொரு மணி ஆகிவிடும். அதற்கு முன் நான் செய்வது பழைய பாக்கிகளைச் சரிபார்ப்பது, அதை எப்போது வேண்டுமானாலும் செய்யலாம். எனவே படகு வரும் நாளில்கூடப் பதினொரு மணிக்கு வந்தால் நிறுவனத்துக்கு இழப்பு இல்லை. இந்த ஒரு வரிதான் கடிதத்தில் மேலாளரின் மனதை மாற்றியது என்று பிறகு அவரே சொன்னார். உங்கள் வேலையிலும் இப்படி ஒரு வெற்று நேரம் இருக்கும். பள்ளியென்றால் எந்தப் பாடவேளை, வங்கியென்றால் மாதத்தின் எந்தத் தேதி, துணிக்கடையென்றால் காலையா மாலையா என்று நீங்களே கண்டுபிடித்துச் சொல்லுங்கள். மேலாளர் தேடிக் கண்டுபிடிப்பார் என்று விட்டுவிடக் கூடாது.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலத்தில் சிகிச்சையை வைத்துக்கொண்டால் என்ன என்று நானும் யோசித்தேன். வேலை குறைவான காலம்தான். ஆனால் மருத்துவர் இப்போது தொடங்கலாம் என்றபோது ஜனவரி. மூன்று மாதம் வேலைக்காகக் காத்திருப்பதா என்பதை வயதையும் பரிசோதனை முடிவுகளையும் பார்த்து மருத்துவரிடம்தான் முடிவு செய்ய வேண்டும், மேலாளரிடம் அல்ல.

3. விடுப்புக் கணக்கைப் பாருங்கள்

குழந்தைப்பேறு சிகிச்சைக்கென்று தனி விடுப்பைத் தனியார் நிறுவனங்கள் தர வேண்டும் என்று நம் சட்டத்தில் இல்லை. மகப்பேறு விடுப்பு கர்ப்பம் தரித்த பிறகே வரும். ஆகவே கடிதத்தில் "என் உரிமை" என்று தொடங்கினால் அடி சறுக்கும். கையில் இருப்பது சாதாரண விடுப்புகள். கடைகளுக்கும் அலுவலகங்களுக்கும் பொருந்தும் 1947ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டத்தில் ஆண்டுக்கு 12 நாள் தற்செயல் விடுப்பும் 12 நாள் நோய் விடுப்பும், ஓராண்டு வேலை முடித்தவர்களுக்கு மேலும் 12 நாள் சம்பளத்தோடு கூடிய விடுப்பும் உண்டு. தொழிற்சாலைப் பதிவேட்டில் இருப்பவர்களுக்குக் கணக்கு வேறு. நீங்கள் எந்தப் பதிவேட்டில் இருக்கிறீர்கள் என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். ஒரே வளாகத்தில் அலுவலகப் பெண்கள் ஒரு பதிவேட்டிலும், நண்டுச் சதை எடுக்கும் பெண்கள் இன்னொன்றிலும் இருப்பார்கள்.

எனக்கு அப்போது தற்செயல் விடுப்பு நான்கும் நோய் விடுப்பு ஒன்பதும் மீதி இருந்தன. அது இல்லாமல் போயிருந்தால் என்ன ஆகும் என்றும் கணக்குப் பார்த்தேன். சம்பளம் 18,000 ரூபாய். ஒரு நாள் பிடித்தத்தை 30ஆல் வகுத்தால் 600 ரூபாய். 26ஆல் வகுத்தால் 692. ஐந்து நாளுக்கு 3,000 ரூபாயா, 3,460 ரூபாயா என்பது எந்த எண்ணால் வகுக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

இதைவிடப் பெரிய கண்ணி கைரேகை இயந்திரம். எங்கள் நிறுவனத்தில் மூன்று தாமதம் ஓர் அரை நாள் விடுப்பு. அதோடு வருகைக்கான ஊக்கத்தொகை 500 ரூபாயும் போய்விடும். மேலாளர் வாய்மொழியாக அனுமதித்தாலும் இயந்திரத்துக்கு அது தெரியாது. மாதக் கடைசியில் சம்பளம் போடும் தம்பி இயந்திரத்தைத்தான் நம்புவார். ஐ.யூ.ஐ. மாதத்தில் எனக்கு நடந்தது இதுதான். எனவே "அனுமதிக்கப்பட்ட தாமதம் என்று பதிவு செய்ய வேண்டும்" என்ற வரி கடிதத்தில் கட்டாயம்.

4. மருத்துவச் சான்று: தலைப்பைப் பாருங்கள்

ஒரு சான்று வாங்குங்கள். அதில் இருக்க வேண்டியவை நான்குதான்: இவர் என்னிடம் வெளிநோயாளியாகச் சிகிச்சை பெறுகிறார், ஏறக்குறைய இந்த மாதத்திலிருந்து நான்கு வாரங்களுக்கு இடையிடையே வர வேண்டியிருக்கும், தேதிகள் உடல் நிலையைப் பொறுத்து ஓரிரு நாள் முன்னதாகத்தான் தெரியும், சிறு மருத்துவ நடைமுறைக்குப் பின் ஓய்வு தேவை. நோயின் பெயர், பரிசோதனை முடிவு, கணவரைப் பற்றிய விவரம் எதுவும் வேண்டாம். இவ்வளவு போதும் என்று நீங்களே சொல்லி வாங்க வேண்டும். சொல்லாவிட்டால் முழுக் கதையையும் எழுதித் தந்துவிடுவார்கள்.

எனக்குத் தந்த முதல் சான்றில் வார்த்தைகள் எல்லாம் சரி. ஆனால் தாளின் தலைப்பில் கருத்தரிப்பு மையம் என்று பெரிய எழுத்து, ஓரத்தில் கொழுகொழுவென்று ஒரு குழந்தைப் படம். இதை அலுவலகக் கோப்பில் வைத்தால் தேநீர் கொண்டுவருபவர் வரை தெரிந்துவிடும். திரும்பக் கொடுத்து, மருத்துவரின் சொந்தக் கடிதத்தாளில் வாங்கினேன். அப்படித் தர மறுத்தால், மேலாளரிடம் காட்டிவிட்டு உடனே திரும்ப வாங்கிக்கொள்ளலாம் என்று முதலிலேயே பேசிவிடுங்கள்.

சான்றைச் சிகிச்சை தொடங்கும் முன்பே வாங்குவது நல்லது. ஊசி தொடங்கிய பிறகு ஒவ்வொரு முறையும் வரிசையில் நின்று ஸ்கேன் முடிந்ததும் பஸ்ஸைப் பிடிக்க ஓடுவீர்கள். மருத்துவரிடம் தாளை நீட்ட நேரம் இருக்காது. முட்டை எடுத்த நாளில் தரும் வெளியேற்றச் சீட்டைத் தனியே பத்திரப்படுத்துங்கள். நோய் விடுப்புக்கு அதுதான் ஆதாரம்.

5. எவ்வளவு சொல்வது

இதில் ஆளுக்கொரு கருத்து இருக்கும். என் கருத்து இது: பொய் சொல்லாதீர்கள், முழுவதும் சொல்லவும் வேண்டாம். வயிற்றுவலி, மாமியாருக்கு உடம்பு சரியில்லை என்று தொடங்கினால் மூன்றாவது விடுப்பில் கதை தீர்ந்துவிடும். மேலும் முட்டை எடுத்த பிறகு உடல் நிலை மோசமாகி மருத்துவமனையில் தங்க நேர்ந்தால், அந்தப் பொய்யை வைத்துக்கொண்டு எப்படி விடுப்பை நீட்டிப்பீர்கள்? "பெண்கள் நலம் சார்ந்த, திட்டமிட்டுச் செய்யப்படும் சிகிச்சை" என்று எழுதினேன். மேலாளர் ஆண் என்பதால் அதற்கு மேல் கேட்கத் தயங்கினார். அந்தத் தயக்கம் எனக்கு வசதியாகவே இருந்தது.

பெண் மேலாளர் என்றால் வாய்மொழியாக உண்மையைச் சொல்லலாம் என்று தோன்றும். சொல்லுங்கள், ஆனால் எழுத்தில் வேண்டாம். எழுத்து மேசை மாறும். மண்டபம் முதல் கீழக்கரை வரை எந்த ஊரிலும் உங்கள் அலுவலகத்தில் யாரோ ஒருவர் உங்கள் நாத்தனாருக்குச் சொந்தமாக இருப்பார்.

6. கடிதம்

எதிர்பார்க்கும் தொடக்கத்துக்கு இரண்டு வாரம் முன்பே கொடுங்கள். அதற்கும் முன்னதாகக் கொடுத்தால் மறந்துவிடுவார்கள்; அந்த வாரத்தில் கொடுத்தால் மிரட்டுவதுபோல் ஆகிவிடும். நான் கொடுத்ததை, பெயர்களை எடுத்துவிட்டு, அப்படியே தருகிறேன்.

> மதிப்பிற்குரிய ஐயா,
>
> பொருள்: சிகிச்சைக் காலத்தில் வேலை நேரத்தை மாற்றிக்கொள்ள அனுமதி வேண்டுதல்.
>
> மருத்துவரின் ஆலோசனைப்படி, பெண்கள் நலம் சார்ந்த திட்டமிட்ட சிகிச்சை ஒன்றை வரும் மாதம் மேற்கொள்ள இருக்கிறேன். சிகிச்சை தொடங்கும் நாளிலிருந்து ஏறக்குறைய 30 நாட்களுக்குக் கீழ்க்காணும் அனுமதியை வேண்டுகிறேன்.
>
> முழு நாள் விடுப்பு 5 முதல் 7 நாட்கள். என் கணக்கில் உள்ள தற்செயல் விடுப்பிலும் நோய் விடுப்பிலும் இவற்றைக் கழித்துக்கொள்ளலாம்.
>
> காலை 9 மணிக்குப் பதிலாக 11 மணிக்கு வருதல் 3 முதல் 4 நாட்கள். அந்நாட்களில் மாலை 7 மணி வரை இருந்து, மீதமுள்ள ஒரு மணி நேர வேலையை வீட்டிலிருந்து முடித்துத் தருவேன். கொள்முதல் சீட்டுகள் 11 மணிக்குப் பிறகே வருவதால் அன்றாடக் கணக்கு தடைப்படாது.
>
> மாலை 4 மணிக்குக் கிளம்புதல் 1 நாள்.
>
> தேதிகள் உடல் நிலையைப் பொறுத்து அமைவதால் முன்கூட்டிக் குறிப்பிட இயலவில்லை. ஒவ்வொரு முறையும் முந்தைய நாள் மாலை 6 மணிக்குள் தங்களுக்கு மட்டும் செய்தி அனுப்புவேன். முழு நாள் விடுப்பின்போது அவசர சீட்டுகளைப் பார்க்க உடன் பணிபுரியும் ஒருவரிடம் பேசி ஒப்புதல் பெற்றிருக்கிறேன்.
>
> மருத்துவரின் முடிவால் சிகிச்சையின் ஒரு பகுதி தள்ளிப்போனால், பயன்படுத்தாத நாட்களை அப்போது பயன்படுத்த அனுமதிக்க வேண்டுகிறேன்.
>
> மேற்கண்ட தாமதங்களை அனுமதிக்கப்பட்டவை என்று வருகைப் பதிவில் குறிக்க ஆவன செய்ய வேண்டுகிறேன். இந்தக் கடிதத்தின் விவரங்கள் தங்களோடு இருக்க வேண்டும் என்றும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.
>
> இணைப்பு: மருத்துவச் சான்று.
>
> தங்கள் உண்மையுள்ள,

தேதிக்குப் பதில் எண்ணிக்கை என்பதுதான் இந்தக் கடிதத்தின் உயிர். "எப்போது என்று தெரியாது, ஆனால் எத்தனை என்று தெரியும், முந்தைய மாலை சொல்லிவிடுவேன்" என்றால் மேலாளருக்கு ஒரு பிடி கிடைக்கிறது. எண்ணிக்கையைக் குறைத்துக் கேட்டு நல்ல பெயர் வாங்கப் பார்க்காதீர்கள். ஐந்து தேவைப்படும் என்று மருத்துவமனை சொன்னால் ஐந்து முதல் ஏழு என்று கேளுங்கள். பிறகு ஆறாவது நாளுக்காகக் கெஞ்சுவதைவிட, இரண்டு நாள் வேண்டாம் என்று திருப்பித் தருவது எவ்வளவோ மேல்.

7. கொடுக்கும் முறை

இரண்டு பிரதிகள் எடுங்கள். ஒன்றைக் கொடுத்து, மற்றதில் "பெற்றுக்கொண்டேன்" என்று தேதியோடு கையெழுத்து வாங்குங்கள். மின்னஞ்சல் வசதி இருந்தால் அதிலும் அனுப்பிவிடலாம். அலுவலக வாட்ஸ்அப் குழுவில் மட்டும் இதைப் பற்றி ஒரு சொல்லும் போடாதீர்கள்; மேலாளருக்குத் தனியாக அனுப்புங்கள்.

படகு வரும் நாளில் கொடுக்காதீர்கள். புதன்கிழமை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கொடுத்தேன். படித்துவிட்டு, "ஞாயிற்றுக்கிழமை மட்டும் வேண்டாமே" என்றார். அங்கே ஒப்புக்கொள்ளாமல், "சார், நாள் என் கையில் இல்லை. ஞாயிறு வந்தால் பதினொரு மணிக்குக் கட்டாயம் வந்துவிடுகிறேன், முழு விடுப்பு எடுக்காமல் இருக்கப் பார்க்கிறேன்" என்றேன். "பார்க்கிறேன்" என்ற சொல்லைக் கவனமாக வைத்தேன். நல்லவேளை, அது பின்னால் உதவியது.

அனுமதியையும் எழுத்தில் வாங்குங்கள். என் மேலாளர் எழுதித் தரும் ஆள் இல்லை. அன்று மாலை நானே ஒரு செய்தி அனுப்பினேன்: "ஐயா, இன்று பேசியபடி அனுமதி தந்ததற்கு நன்றி. கைரேகைப் பதிவு பற்றி சம்பளப் பிரிவுக்குத் தாங்கள் சொல்லிவிடுவதாகச் சொன்னீர்கள்." அவர் "சரி" என்று பதில் போட்டார். அந்த ஒரு சொல் போதும்.

மறுத்தால்? முழுக் கடிதத்தையும் விட்டுவிடாதீர்கள். முழு நாட்களை நோய் விடுப்பாகச் சான்றோடு தனித்தனியே விண்ணப்பியுங்கள். தாமதமாக வரும் சலுகையை மட்டும் மீண்டும் ஒருமுறை, இரண்டு நாளாகக் குறைத்துக் கேளுங்கள். அதுவும் இல்லையென்றால் அந்த நாட்களுக்கு அரை நாள் விடுப்பு இருக்கிறதா என்று பாருங்கள்.

8. அந்த மாதம் எனக்கு எப்படி நடந்தது

ஒரு ஞாயிற்றுக்கிழமை முதல் நாள். மாலை ஐந்து மணிக்குச் செய்தி அனுப்பினேன். திங்கள் மதுரை, முழு விடுப்பு. ஆறாம் நாள் ஸ்கேன் வெள்ளிக்கிழமை விழுந்தது, வார விடுமுறை என்பதால் செலவில்லை. எட்டாம் நாள் ஞாயிறு, பத்தாம் நாள் செவ்வாய், இரண்டும் படகு வரும் நாட்கள். இராமநாதபுரத்தில் ஸ்கேன் முடித்துப் பத்தே முக்காலுக்குள் வந்துவிட்டேன். பதினோராம் நாள் புதன், மதுரை, முழு விடுப்பு. அன்று இரவு பத்து மணிக்குக் கடைசி ஊசி, நிமிடம் பிசகாமல் போட வேண்டும் என்றார்கள். வியாழன் மாலை நான்கு மணிக்குக் கிளம்பினேன். வெள்ளி காலை பத்து மணிக்கு முட்டை எடுத்தார்கள்.

இந்த நாளைப் பற்றி இரண்டு விஷயம். கணவரும் அன்று இருந்தாக வேண்டும். கையெழுத்துக்கும், மாதிரி கொடுக்கவும், மயக்கம் தெளிந்தவரை அழைத்துவரவும். அவருக்கும் அதே இரண்டு நாள் விடுப்பு வேண்டும் என்பதை நாங்கள் வியாழன் மதியம்தான் நினைத்தோம். அவர் படகு இஞ்சின் பழுது பார்ப்பவர், கடை முதலாளியிடம் அன்று பட்ட பாடு தனிக் கதை. இரண்டாவது, மயக்க மருந்துக்குப் பிறகு அன்றே பஸ்ஸில் ஊர் திரும்பாதீர்கள். அறை எடுத்துத் தங்கி சனிக்கிழமை வந்தோம். இரண்டு இரவுக்கு 2,200 ரூபாய். மதுரைக்கு ஒவ்வொரு முறையும் இரண்டு பேருக்குப் பஸ், ஆட்டோ, சாப்பாடு எல்லாம் சேர்த்து 900 ரூபாய் ஆனது. பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் சாதாரண நகரப் பேருந்துகளில்தான். மதுரை பஸ்ஸில் டிக்கெட் எடுக்க வேண்டும். இதைச் செலவுக் கணக்கில் விட்டுவிட்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

சனிக்கிழமை மாலை வயிறு உப்பத் தொடங்கியது. முட்டைகள் அதிகமாக வந்திருந்ததால் இப்படி ஆகலாம் என்று எச்சரித்திருந்தார்கள். எடை திடீரென்று கூடுவது, வாந்தி நிற்காமல் இருப்பது, சிறுநீர் குறைவது, மூச்சு வாங்குவது, இவற்றில் எது வந்தாலும் விடியும்வரை காத்திருக்காமல் மருத்துவமனையை அழைக்க வேண்டும். எனக்கு அவ்வளவு போகவில்லை. ஆனால் இந்த மாதம் கருவை வைக்க வேண்டாம், உறைய வைத்துவிடலாம் என்று மருத்துவர் முடிவு செய்தார். ஞாயிறும் திங்களும் படுத்தே இருந்தேன். படகு வரும் ஞாயிற்றுக்கிழமை! மேலாளருக்கு மாலை ஆறு மணிக்குள் செய்தி போய்விட்டதால் உடன் வேலை பார்க்கும் அக்கா சீட்டுகளைப் பார்த்துக்கொண்டார். அவருக்கு முன்பே சொல்லி வைத்திராவிட்டால் அன்று நான் வாங்கியிருக்கும் ஏச்சு வேறு.

மொத்தம் முழு விடுப்பு ஐந்து நாள், தாமதம் இரண்டு. கேட்டதில் இரண்டு முழு நாளும் இரண்டு தாமதமும் மீதி.

9. சிகிச்சை தள்ளிப்போனால் இரண்டாவது கடிதம்

இந்த மீதிக்காகத்தான் "தள்ளிப்போனால்" என்ற பத்தியை எழுதினேன். கரு வைப்பது தள்ளிப்போவது அரிதான நிகழ்வு அல்ல. சிலருக்கு ஊசிக்கு முட்டை சரியாக வளராமல் பாதியிலேயே நிறுத்திவிடுவதும் உண்டு. அந்தப் பத்தி இல்லையென்றால் மறுபடி முதலிலிருந்து கேட்க வேண்டும், "இன்னுமா முடியவில்லை?" என்ற கேள்விக்கும் பதில் சொல்ல வேண்டும்.

இரண்டு மாதம் கழித்து நான்கு வரியில் எழுதினேன்: முந்தைய கடிதத்தின் தேதி, அதில் அனுமதித்த நாட்கள், பயன்படுத்தியவை, மீதி இரண்டு முழு நாளும் இரண்டு தாமதமும் இந்த மாதம் வேண்டும் என்ற வேண்டுகோள். பழைய கடிதத்தின் கையெழுத்துப் பிரதியை இணைத்தேன். கரு வைக்கும் நாளை இந்த முறை சில நாள் முன்னதாகவே சொல்லிவிட்டார்கள். ஊசியும் அடிக்கடி ஸ்கேனும் இல்லாததால் இரண்டாவது மாதம் வேலை நேரத்துக்கு அவ்வளவு இடைஞ்சல் இல்லை.

10. சிறு கண்ணிகள்

ஊசி மருந்துகள் பலவற்றைக் குளிர்ச்சியில் வைக்க வேண்டும், உறையவிடக் கூடாது. மாலை ஏழு மணி வரை இருக்க ஒப்புக்கொண்ட நாட்களில் ஊசியை அலுவலகத்துக்கு எடுத்துப்போக நேரலாம். மீன் நிறுவனத்தில் ஐஸுக்கா பஞ்சம் என்று தெர்மகோல் பெட்டியில் ஐஸ் கட்டியோடு நேராக வைத்துவிடாதீர்கள். உறைந்துபோனால் மருந்து வீண், அதன் விலை உங்கள் ஒரு வாரச் சம்பளத்தைத் தாண்டும். நான் ஊசி நேரத்தை இரவு எட்டரை என்று மருத்துவரிடம் கேட்டு வைத்துக்கொண்டேன். ஏழு மணிக்குக் கிளம்பினாலும் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிடலாம். முதல் ஊசிக்கு முன்பே இந்த நேரத்தை முடிவு செய்துவிட வேண்டும், பிறகு இஷ்டத்துக்கு மாற்றக் கூடாது.

மாதக் கடைசியில் சம்பளச் சீட்டு வந்ததும் அன்றே பாருங்கள். எனக்கு அனுமதித்த இரண்டு தாமதத்தில் ஒன்று பதிவாகவில்லை. சம்பளம் போடும் தம்பியிடம் "சரி" என்ற செய்தியைக் காட்டியதும் ஊக்கத்தொகை 500 ரூபாயை மறுநாள் சேர்த்துவிட்டார்.